விளம்பரத்துக்குப் போட்ட காசு எப்போது திரும்பும்? ஏத்தங்காய் சிப்ஸ் கணக்கோடு கேள்வி பதில்

ஒரு புது ஆளைப் பிடிக்க ஆன செலவு எத்தனை மாசத்துல திரும்பும்னு எப்படிக் கணக்குப் போடறது?

மூன்று எண்கள் வேண்டும். புதிதாக வந்த ஒருவருக்கு விளம்பரத்தில் எவ்வளவு செலவானது, அவர் ஒருமுறை வாங்கினால் எல்லாச் செலவும் போக நம் கையில் எவ்வளவு நிற்கிறது, அவர் எந்த மாதம் எத்தனை முறை திரும்ப வாங்குகிறார். முதல் எண்ணிலிருந்து, முதல் ஆர்டரில் நின்ற காசைக் கழியுங்கள். மிஞ்சும் பாக்கியை அடுத்தடுத்த ஆர்டர்கள் மாதாமாதம் அடைத்துக்கொண்டே வரும். பாக்கி தீர்கிற மாதம்தான் விடை.

கேட்க எளிது. ஆனால் மூன்று எண்களுமே ஏமாற்றும், மூன்றாவது எண் மற்ற இரண்டைவிட அதிகமாக ஏமாற்றும். நான் முதலில் போட்ட கணக்கில் மூன்று மாதம் என்று வந்தது. உண்மையில் எட்டு மாதம் ஆனது. அந்தக் கணக்கையே கீழே பிரித்து வைக்கிறேன். எங்கள் வறுக்கும் இடம் குழித்துறைக்குப் பக்கத்தில். அக்கா உருளியைப் பார்க்கிறாள், நான் நோட்டைப் பார்க்கிறேன். புரிவதற்காக எண்களை முழு எண்களாக்கியிருக்கிறேன்.

பேஸ்புக் ஆட்ஸ் மேனேஜர்ல "ஒரு ஆர்டருக்கு 200 ரூபாய்"னு காட்டுது. அதையே செலவா வச்சுக்கலாமா?

கூடாது. ஜனவரியில் 24,000 ரூபாய்க்கு விளம்பரம் ஓட்டினோம். அது தன் கணக்கில் எழுதிக்கொண்ட ஆர்டர் 120. வகுத்தால் 200 வரும். ஆனால் அந்த 120-ல் 22 ஆர்டர் பழைய வாடிக்கையாளர்களுடையது. நம் விளம்பரத்தைக் கிளிக் செய்து ஏழு நாளுக்குள் யார் வாங்கினாலும், அவர் ஏற்கெனவே நம் ஆளாக இருந்தாலும், அந்த விற்பனையை அது தன்னுடையதாகவே காட்டும். விளம்பரம் வராமல் இருந்தாலும் அவர்கள் வாங்கியிருப்பார்கள். மீதி 98-ல் எட்டுப் பார்சல் வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தது. கையில் பொருள் போய்ச் சேர்ந்த புது ஆட்கள் 90 பேர்தான்.

மேலே போகிற எண்ணும் 24,000 மட்டுமில்லை. வீடியோ எடுத்துக் கொடுத்த பையனுக்கு 3,000. இரண்டையும் கூட்டி 90-ஆல் வகுத்தால் 300. முதல் ஆர்டருடன் இலவசமாக ஒரு சின்னப் பொட்டலம் சர்க்கரை வரட்டி வைத்தோம், அது ஆளுக்கு 30. ஆக ஒரு புது ஆளைப் பிடிக்க 330 ரூபாய். திரையில் தெரிந்த 200-க்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வாட்ஸ்அப்பில் வந்து ஆர்டர் தருகிறவர்கள் இதற்கு நேர் எதிர். அந்த விற்பனை ஆட்ஸ் மேனேஜருக்குத் தெரியாமலே போகலாம். அதனால் இரண்டு பக்கமும் நம்பாமல், "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு ஆர்டர் நோட்டில் ஒரு கட்டத்தில் எழுதிவைப்பதே மேல்.

விளம்பரத்துக்கு 18 சதவீத ஜிஎஸ்டி பிடிக்கிறாங்களே, அதையும் சேர்க்கணுமா அண்ணே?

நீங்கள் ஜிஎஸ்டி பதிவு இல்லாதவராகவோ காம்போசிஷன் முறையிலோ இருந்தால் சேர்க்க வேண்டும். அந்த வரி உங்களுக்குத் திரும்பாது. 24,000 என்பது 28,320 ஆகிவிடும்.

வழக்கமான பதிவு உள்ளவர் அதை உள்ளீட்டு வரியாக எடுத்துக்கொள்ளலாம், எனவே செலவில் வராது. காசு மட்டும் இன்றைக்குப் போய்ப் பிறகு வரும். நம் பக்கத்தில் ஒரு கூடுதல் விஷயம் உண்டு. களியக்காவிளை தாண்டிப் பாறசாலைக்கு ஒரு பொட்டலம் அனுப்பினாலும் அது வேறு மாநில விற்பனை. அதற்கு விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம், காம்போசிஷன் முறையில் இருப்பவர் அப்படி அனுப்பவே முடியாது. திருவனந்தபுரத்து ஆட்களைக் குறிவைத்து விளம்பரம் போடும் முன் இதை ஆடிட்டரிடம் பேசிவிடுங்கள்.

லாப விகிதத்துல எதையெல்லாம் கழிக்கணும்?

ஒரு ஆர்டர் கூடுதலாக வந்தால் எவையெல்லாம் கூடுதலாகச் செலவாகுமோ அவை அத்தனையும். கடை வாடகை, என் சம்பளம் போன்றவை ஆர்டர் வந்தாலும் வராவிட்டாலும் இருக்கும், அவற்றை இங்கே கொண்டுவர வேண்டாம்.

எங்கள் சராசரி ஆர்டர் ஒரு கிலோ: முக்கால் கிலோ சிப்ஸ், கால் கிலோ வரட்டி. வரி நீக்கி 640 ரூபாய். இதில் காய், தேங்காய் எண்ணெய், சர்க்கரை, விறகு, சீவி வறுக்கும் கூலி எல்லாம் சேர்த்து 330. கவரும் அட்டைப்பெட்டியும் 30. கூரியர் 90. பணம் வாங்கித் தரும் கட்டணம் 12. திரும்பி வந்த எட்டுப் பார்சலுக்கும் போக வரக் கூரியர், வீணான பெட்டி என்று ஒன்றுக்கு 200 ரூபாய் போனது. அந்த 1,600-ஐ ஒழுங்காகச் சேர்ந்த 90 பேர் தலையில் பிரித்தால் ஏறக்குறைய 18. மொத்தம் 480 போக, நிற்பது 160.

பலர் 640-ல் 330-ஐ மட்டும் கழித்துவிட்டு "எனக்குப் பாதிக்குப் பாதி லாபம்" என்பார்கள். கடையில் தராசில் நிறுத்து விற்கும்போது அது சரி. கூரியரில் போகும் பொட்டலத்துக்கு அது பொய்க் கணக்கு. எங்கள் விகிதம் 25 சதவீதம், அவ்வளவே.

இரண்டாம் முறை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் முன்பணம் கட்டிவிடுவார்கள், அதனால் அவர்களுடைய பார்சல் திரும்பி வருவது அபூர்வம். கண்டிப்பாகப் பார்த்தால் அந்த ஆர்டர்களுக்கு 18-ஐக் கழிக்க வேண்டாம். நான் கழித்தே வைக்கிறேன். கணக்கு கொஞ்சம் கஞ்சத்தனமாக இருந்தால் ராத்திரி தூக்கம் வரும்.

திரும்ப வாங்குறவங்க 38 சதவீதம். அப்போ 160-ஐ 0.38-ஆல பெருக்கினா மாச வருமானம் வந்துடும்தானே?

நான் விழுந்த குழியும் இதுதான். ஒரு ஆளுக்குப் பாக்கி 330-லிருந்து 160 போக 170. மாதம் 160 × 0.38, அதாவது சுமார் 61 ரூபாய் வரும் என்று வைத்தால், 170-ஐ 61-ஆல் வகுத்து "மூன்று மாதத்துக்குள் முடிந்தது" என்று எழுதிவிட்டேன். அக்கா நோட்டைப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "முப்பத்தெட்டு பேர்னா, எப்போ வாங்கின முப்பத்தெட்டு பேரு?"

பதில் இல்லை. 38 சதவீதம் என்பது, ஜனவரியில் வந்த மாதிரியான 90 பேரில் 34 பேர் *என்றாவது ஒரு நாள்* திரும்ப வாங்கினார்கள் என்று சொல்கிறது. மாதாமாதம் 34 பேர் வாங்குகிறார்கள் என்று சொல்லவில்லை. காலம் சொல்லாத சதவீதத்தை மாதக் கணக்கில் பெருக்கினால் வருவது வெறும் ஆசை.

இன்னொன்றும் அந்தச் சதவீதத்துக்குள் ஒளிந்திருக்கிறது. 34 பேரில் ஒருமுறை மட்டும் திரும்பி வந்து நின்றவர்களும் உண்டு, மாதம் தவறாமல் வாங்கும் டீக்கடைக்காரரும் உண்டு. இருவரும் சதவீதத்தில் ஒன்றுதான். பாக்கியை அடைப்பது ஆட்கள் இல்லை, ஆர்டர்கள். ஆகவே சதவீதத்தைத் தூக்கி வைத்துவிட்டு, அந்த 90 பேரிடமிருந்து மாதவாரியாக எத்தனை ஆர்டர் வந்தது என்று எண்ணுங்கள்.

சரி, எண்ணினப்போ என்ன வந்தது?

90 பேருக்கு மொத்தச் செலவு 29,700. முதல் ஆர்டர்களில் நின்றது 14,400. பாக்கி 15,300. அந்த ஆண்டு ஓணம் செப்டம்பர் முதல் வாரத்தில் வந்தது, அதற்கான ஆர்டர்கள் ஆகஸ்டிலேயே வந்துவிட்டன. அதை மனதில் வைத்துப் பாருங்கள்.

| மாதம் | திரும்ப வந்த ஆர்டர் | நின்றது | மீதிப் பாக்கி |
|---|---|---|---|
| பிப்ரவரி | 14 | 2,240 | 13,060 |
| மார்ச் | 18 | 2,880 | 10,180 |
| ஏப்ரல் | 13 | 2,080 | 8,100 |
| மே | 11 | 1,760 | 6,340 |
| ஜூன் | 10 | 1,600 | 4,740 |
| ஜூலை | 8 | 1,280 | 3,460 |
| ஆகஸ்ட் | 22 | 2,420 | 1,040 |
| செப்டம்பர் | 8 | 1,280 | தீர்ந்தது |

பிப்ரவரியைவிட மார்ச்சில் அதிகம் வந்ததற்குக் காரணம் எளிது. ஒரு கிலோ சிப்ஸ் ஒரு வீட்டில் தீர ஐந்தாறு வாரம் ஆகிறது. அதன்பிறகு மாதாமாதம் குறைந்துகொண்டே போகிறது. ஜூலையில் எட்டுதான்.

ஆகஸ்ட்ல 22 ஆர்டர் வந்தும் 2,420தான் நின்னுதா? 22-ஐ 160-ஆல பெருக்கினா 3,520 வருதே?

சரியாகப் பிடித்தீர்கள். ஓணத்துக்கு முன்பு ஏத்தன் குலை எல்லை தாண்டிக் கேரளச் சந்தைக்கு ஓடும், விலை ஏறும். தேங்காய் எண்ணெயும் சும்மா இருக்காது. நம் விலையை மட்டும் பழைய ஆட்களுக்கு ஏற்ற முடியவில்லை. அந்த மாதம் ஒரு ஆர்டருக்கு 160-க்குப் பதில் 110தான் நின்றது.

160 என்றே வைத்திருந்தால் ஆகஸ்டிலேயே பாக்கி தீர்ந்ததாகக் கணக்கு காட்டியிருக்கும். ஆர்டர் குவியும் மாதமும் லாபம் மெலியும் மாதமும் நம் தொழிலில் ஒன்றே. வருடச் சராசரி விகிதத்தை வைத்துப் பெருக்குகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. குறைந்தபட்சம் ஓண மாதத்துக்காவது காய் வாங்கிய சீட்டைப் பார்த்துத் தனி விகிதம் போடுங்கள்.

இதை எண்ண ஏதாவது சாப்ட்வேர் வாங்கணுமா?

வேண்டாம். ஒரு ஷீட் போதும். A-ல் போன் எண், B-ல் ஆர்டர் தேதி. பொருள் போய்ச் சேர்ந்த ஆர்டர்களை மட்டும் ஏற்றுங்கள். C-ல் அந்த எண்ணின் முதல் ஆர்டர் தேதி, D-ல் முதல் ஆர்டரிலிருந்து எத்தனையாவது மாதம் என்பது:

```
C2: =MINIFS(B:B,A:A,A2)
D2: =(YEAR(B2)-YEAR(C2))*12+MONTH(B2)-MONTH(C2)
```

H1-ல் ஜனவரி 1, H2-ல் பிப்ரவரி 1 என்று தேதி போட்டு, ஜனவரி ஆட்கள் அடுத்த மாதம் தந்த ஆர்டரை இப்படி எண்ணலாம். கடைசி எண்ணை 2, 3 என்று மாற்றிக்கொண்டே போங்கள். 0 போட்டால் முதல் மாத ஆர்டர்கள் வரும். ஒருவரே அந்த மாதத்தில் இரண்டு முறை வாங்கியிருந்தால் அதையும் அங்கே பார்க்கலாம்.

```
=COUNTIFS(C:C,">="&H1,C:C,"<"&H2,D:D,1)
```

தப்பு நடப்பது சூத்திரத்தில் இல்லை, போன் எண்ணில். ஒரே ஆள் +91 போட்டு ஒருமுறை, போடாமல் ஒருமுறை இருந்தால் ஷீட்டுக்கு இரண்டு ஆள். எல்லா எண்ணையும் கடைசிப் பத்து இலக்கமாக வெட்டிக்கொள்ளுங்கள். நம் பகுதிக்கே உரிய சிக்கல் இன்னொன்று: மகன் துபாயிலிருந்து அவன் எண்ணில் ஆர்டர் போட்டுக் காசு கட்டுவான், பொட்டலம் இங்கே அம்மா வீட்டுக்குப் போகும். அடுத்த மாதம் அம்மா தன் எண்ணில் கேட்பார். அது புது ஆள் இல்லை. திரும்ப வாங்குவது சந்தேகப்படும்படி குறைவாகத் தெரிந்தால், முகவரியை வரிசைப்படுத்திப் பாருங்கள். ஒரே வீட்டுப் பெயர் இரண்டு எண்களில் நிற்கும்.

புது விளம்பரம் போட்டு மூணு மாசம்தான் ஆகுது. எட்டு மாசம் காத்திருக்க முடியாதே?

பழைய ஆட்களின் நடையை அளவுகோலாக வையுங்கள். ஜனவரி ஆட்கள் முதல் மூன்று மாதத்தில் 45 ஆர்டர் தந்தார்கள், ஆளுக்கு 0.5. செப்டம்பர் வரை மொத்தம் 104, ஆளுக்கு சுமார் 1.16. தேவைப்பட்டது 170-ஐ 160-ஆல் வகுத்தால் வரும் 1.06. ஓண மாதம் மெலிந்ததால் அதைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் வேண்டியிருந்தது.

மார்ச்சில் வேறு ஒரு வீடியோ போட்டு 100 பேர் வந்தார்கள் என்று வைப்போம். ஜூன் முடியும்போது அவர்கள் தந்த ஆர்டர் 40, ஆளுக்கு 0.4. ஜனவரி ஆட்களில் ஐந்தில் நான்கு பங்கு. அதே நடையில் போனால் எட்டு மாதத்தில் 1.16-ல் ஐந்தில் நான்கு, அதாவது 0.93 தான் எட்டுவார்கள். 1.06-ஐத் தொடாது. பிடிக்கும் செலவும் லாபமும் ஜனவரி போலவே இருந்தால், அந்த வீடியோவை ஜூலையில் நிறுத்திவிடலாம், நவம்பர் வரை காத்திருக்கத் தேவையில்லை.

இதற்கு ஒரு எல்லை உண்டு. ஒப்பிடும் மூன்று மாதத்துக்குள் இரண்டு பக்கத்தில் ஒன்றில் மட்டும் ஓணம் விழுந்தால் ஒப்பீடே செல்லாது. ஜூன், ஜூலையில் வந்த ஆட்கள் முதல் மூன்று மாதத்தில் பிரமாதமாகத் தெரிவார்கள். அது அவர்கள் குணமில்லை, ஆவணி மாதத்தின் குணம். முப்பது பேருக்குக் குறைவான கூட்டத்தை வைத்தும் இப்படி முடிவெடுக்காதீர்கள், இரண்டு கல்யாண வீட்டு ஆர்டர் வந்தாலே எண் புரண்டுவிடும்.

எட்டு மாசம்கிறது நல்லதா, மோசமா?

கையிருப்பைப் பொறுத்தது. ஒரே ஒருமுறை விளம்பரம் போட்டால் 15,300 முடங்கும், அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். ஆனால் யாரும் ஒருமுறை போட்டு நிறுத்துவதில்லை. மாதாமாதம் 24,000-க்குப் போட்டு, ஒவ்வொரு மாதத்துக் கூட்டமும் ஜனவரிக் கூட்டம் போலவே நடந்துகொண்டால், முதல் கூட்டத்தின் பாக்கி தீரும் முன்பு எட்டுக் கூட்டத்தின் பாக்கிகள் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அட்டவணையின் மீதிப் பாக்கிகளோடு முதல் 15,300-ஐயும் கூட்டிப் பாருங்கள்: 62,220.

லாபத்தில் ஓடும் தொழிலிலேயே இந்த 62,000 ரூபாய் எப்போதும் வெளியில்தான் இருக்கும். மாதம் 24,000 கட்ட முடிகிறதா என்று மட்டும் பார்த்து இறங்கியவர்கள், ஓணத்துக்கு முன்பு காய் வாங்கக் காசில்லாமல் நகையை வைக்கப் போவது இதனால்தான். நானும் ஒரு ஆண்டு போயிருக்கிறேன்.

ரெண்டாவது ஆர்டருக்குத் தள்ளுபடி குடுத்தா சீக்கிரம் திரும்பாதா?

15 சதவீதம் கொடுத்தால் 640-ல் 96 ரூபாய் போகும். 160-ல் நிற்பது 64. முன்பு ஒரு ஆர்டர் அடைத்த பாக்கியை இப்போது இரண்டரை ஆர்டர் அடைக்க வேண்டும். தள்ளுபடியால் ஆர்டர் இரண்டரை மடங்காகுமா? எங்களுக்கு ஆகவில்லை. எப்படியும் வாங்கியிருப்பவர்கள்தான் குறைந்த விலைக்கு வாங்கினார்கள்.

அப்போ காலத்தைக் குறைக்க நீங்க என்னதான் செஞ்சீங்க?

பெட்டியை மாற்றினோம். சிப்ஸ் எடையில் குறைவு, இடத்தில் அதிகம். கூரியர்காரர் தராசு எடையையும், நீளம் × அகலம் × உயரத்தை 5,000-ஆல் வகுத்து வரும் எடையையும் பார்த்து, எது கூடுதலோ அதற்குக் காசு வாங்குவார். எங்கள் பெட்டி 30 × 22 × 14 சென்டிமீட்டர். வகுத்தால் 1.85. உள்ளே ஒரு கிலோதான், ஆனால் பில்லில் இரண்டு கிலோ. அரை அரைக் கிலோவாக ஏறும் கட்டணம் அது.

ஒருநாள் அக்கா ஒரு பெட்டியைத் திறந்து கையை விட்டுக் காட்டினாள், கவர்களுக்கு மேலே மூன்று விரற்கடை வெறும் காற்று. 11 சென்டிமீட்டர் உயரத்தில் பெட்டி அடிக்கச் சொன்னோம். 30 × 22 × 11, வகுத்தால் 1.45, பில்லில் ஒன்றரைக் கிலோ. 90 ரூபாய்க் கூரியர் 65 ஆனது. கவரில் காற்று அடைப்பதைக் கொஞ்சம் குறைத்தோம், முதல் வாரம் சில்லுகள் உடைந்து இரண்டு பேர் திட்டினார்கள், பிறகு கவரைக் குறுக்கே படுக்க வைத்ததும் சரியானது.

ஒரு ஆர்டருக்கு நிற்பது 160-லிருந்து 185. இது இரண்டு இடத்தில் வேலை செய்கிறது. முதல் ஆர்டரிலேயே பாக்கி ஆளுக்கு 145 ஆகக் குறைகிறது, 90 பேருக்கு 13,050. அதை அடைக்கும் ஒவ்வொரு ஆர்டரும் 185 கொண்டுவருகிறது, ஆக 71 ஆர்டர் போதும். மேலே உள்ள அட்டவணையில் ஜூலை முடிவில் 74 ஆர்டர். எட்டு மாதம் ஆறாகிவிட்டது. ஓணத்துக்குக் காய் விலை ஏறுவதற்கு முன்பே பாக்கி தீர்ந்துவிடும்.